உருப்படிக் கட்டணமா, வாரப் பேக்கேஜா, நாள் பேக்கேஜா? ஆறு நாள் டெலிவரியை வைத்து ஓர் ஒப்பீடு

பட்டர்வொர்த்தில் சைவ மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் கடை ஒன்றின் கணக்கை வைத்து இதை எழுதுகிறேன். திங்கள் முதல் சனி வரை டெலிவரி உண்டு, ஞாயிறு விடுமுறை. பிறை தொழிற்பேட்டை அலுவலகங்களுக்கும் சுற்றியுள்ள தாமான் வீடுகளுக்கும் சாப்பாடு போகிறது. கடை நடத்தும் அக்கா மூன்று கட்டண முறைகளை விசாரித்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார். இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கும் கடைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மூன்று முறைகள் இவை:

- உருப்படிக் கட்டணம்: ஒரு டெலிவரிக்கு 6 ரிங்கிட். எத்தனை போகிறதோ அத்தனைக்கு மட்டும் பணம்.
- வாரப் பேக்கேஜ்: வாரத்துக்கு 280 டெலிவரி, 1,512 ரிங்கிட். தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 8 ரிங்கிட். மிஞ்சியது அடுத்த வாரத்துக்கு வராது.
- நாள் பேக்கேஜ்: அதே 280 டெலிவரிதான், ஆனால் நாள்வாரியாகப் பிரித்தது. திங்கள் 41, செவ்வாய் 38, புதன் 38, வியாழன் 43, வெள்ளி 56, சனி 64. விலை 1,456 ரிங்கிட். எந்த நாளில் தாண்டினாலும் ஒவ்வொன்றுக்கும் 8 ரிங்கிட். ஒரு நாள் மிஞ்சியது மறுநாளுக்கு வராது.

மேலோட்டமாகப் பார்த்தால் நாள் பேக்கேஜ் 56 ரிங்கிட் மலிவு, கோட்டாவும் அதே 280. அக்கா அதை எடுக்கத்தான் கிளம்பினார்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது வாரச் செலவின் சராசரி. அடுத்தது, அந்தச் செலவு சராசரியைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. சின்னக் கடைக்கு இது முக்கியம், ஏனென்றால் சம்பளமும் காய்கறிக் கடனும் வாரக் கடைசியில்தான் வந்து நிற்கும். மூன்றாவது, கோட்டாவை எத்தனை தடவை தாண்டுவோம், தாண்டுவது எப்போது தெரியவரும் என்பது. பகல் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு ரைடர் தேடுவது வெறும் 8 ரிங்கிட் விஷயம் அல்ல. கடைசியாக, நாம் நம்பும் அனுமானம் பொய்த்தால் எந்த முறை முதலில் உடையும் என்பது.

இதற்கெல்லாம் கடைக் கணக்கிலிருந்து இரண்டு எண்கள் வேண்டும்: வார மொத்தத்தின் சராசரி, அதன் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு.

## நாள் கணக்கிலிருந்து வாரக் கணக்கு

ஒவ்வொரு கிழமையையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் கடையின் நிலவரம் இப்படி இருக்கிறது:

| கிழமை | சராசரி | திட்ட விலக்கம் | அதன் வர்க்கம் |
|---|---|---|---|
| திங்கள் | 38 | 6 | 36 |
| செவ்வாய் | 36 | 5 | 25 |
| புதன் | 36 | 5 | 25 |
| வியாழன் | 40 | 6 | 36 |
| வெள்ளி | 52 | 9 | 81 |
| சனி | 58 | 11 | 121 |
| மொத்தம் | 260 | கூட்டக் கூடாது | 324 |

வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் வீடுகள் அதிகம் என்பதால் அன்று எண்ணிக்கை ஏறுகிறது. சனிக்கிழமை வீட்டு ஆர்டர்கள் வருவதால் சராசரியும் அதிகம், ஏற்ற இறக்கமும் அதிகம்.

சராசரிகளை அப்படியே கூட்டலாம். வார மொத்தம் சராசரியாக 260. நாள்கள் ஒன்றையொன்று பாதித்தாலும் பாதிக்காவிட்டாலும் இந்தக் கூட்டல் சரி.

திட்ட விலக்கத்தைக் கூட்டினால் 6+5+5+6+9+11 = 42 வரும். பலரும் இங்கேதான் நிறுத்திவிட்டு, வாரம் 42 ஏறலாம் இறங்கலாம் என்று பயப்படுகிறார்கள். ஆனால் ஆறு நாளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்தான் அந்த 42 பொருந்தும். திங்கள் ஆர்டர் கூடியது என்பதற்காகச் செவ்வாயும் கூட வேண்டும் என்று இல்லாதபோது, ஒரு நாளின் ஏற்றத்தில் ஒரு பகுதியை இன்னொரு நாளின் இறக்கம் சமன் செய்துவிடுகிறது. அதனால் நாள்கள் ஒன்றையொன்று சாராதபோது கூட்ட வேண்டியது விலக்கத்தின் வர்க்கத்தை, அதாவது வேரியன்ஸை. இங்கே அது 324. அதன் வர்க்கமூலம் 18. இதுதான் வார மொத்தத்தின் திட்ட விலக்கம்.

42 எங்கே, 18 எங்கே! ஒப்பீடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் பன்னிரண்டு வாரக் கணக்கை B முதல் G வரை ஆறு பத்திகளில், 2 முதல் 13 வரையிலான வரிசைகளில் போட்டிருந்தால் இவ்வளவுதான் வேலை:

```
B14:  =VAR.S(B2:B13)        (G வரை இழுக்கவும்)
H14:  =SQRT(SUM(B14:G14))
```

கிழமைகளைப் பிரிக்காமல் எல்லா நாள்களையும் ஒரே குவியலாகப் போட்டுத் திட்ட விலக்கம் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் செவ்வாய் 36, சனி 58 என்ற வழக்கமான வித்தியாசமும் ஏற்ற இறக்கமாகக் கணக்கில் ஏறிவிடும். இந்தக் கடைக்கு அப்படிப் போட்டால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 11 வரும், அதிலிருந்து வாரத்துக்கு 27, 28 என்று வந்து நிற்கும். சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்ததை நிச்சயமின்மையில் சேர்க்கக் கூடாது.

## உருப்படிக் கட்டணம்

இதன் கணக்கு எளிது. செலவு என்பது 6 ரிங்கிட்டை மொத்தத்தால் பெருக்கியது. சராசரி 1,560 ரிங்கிட், திட்ட விலக்கம் 6 × 18 = 108 ரிங்கிட்.

விலக்கத்தை இங்கே நேராகப் பெருக்கினோம், மேலே அப்படிச் செய்யவில்லை. ஏனென்றால் விலை எல்லா டெலிவரிக்கும் ஒன்றே, ஒரு டெலிவரியின் விலை இன்னொன்றின் விலையைச் சமன் செய்யாது. ஆறு வெவ்வேறு நாள்களைக் கூட்டுவது வேறு, ஒரே அளவை ஆறால் பெருக்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘ஒரு நாள் கணக்கைப் போட்டு ஆறால் பெருக்கிவிடலாம்’ என்ற தவறு வருகிறது.

மூன்றில் சராசரிச் செலவு மிக அதிகம் இதில்தான், ஏற்ற இறக்கமும் அதிகம். ஆனால் ஏறுவது வியாபாரம் நடக்கும் வாரத்தில், இறங்குவது மந்தமான வாரத்தில். வருமானத்தோடு சேர்ந்தே நகரும் செலவு கடையைக் கவிழ்க்காது. சராசரி 260 என்பதே நிலையில்லாத கடைக்கு இதுதான் சரி: புதிதாகத் தொடங்கிய கடை, பள்ளி விடுமுறையிலும் நோன்பு மாதத்திலும் அலுவலக ஆர்டர் பாதியாகும் கடை. வாரம் 252-க்குக் கீழே போனால் வாரப் பேக்கேஜைவிட இதுவே மலிவு. நம் கடைக்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு வாரம் அப்படி அமையும்.

## வாரப் பேக்கேஜ்

கோட்டா 280, சராசரி 260. இடையில் இருக்கும் 20 என்பது 18-ஐக் கொஞ்சம் தாண்டியது. மணி வடிவப் பரவலை எடுத்துக்கொண்டால் (ஆறு நாள் கூட்டுத்தொகைக்கு அது நன்றாகவே பொருந்தும்) நூற்றுக்குப் பதின்மூன்று வாரங்களில்தான் 280-ஐத் தாண்டுவோம். தாண்டும் டெலிவரிகளை எல்லா வாரங்களுக்கும் சராசரி பார்த்தால் வாரத்துக்கு 1.2 மட்டுமே. ஆகச் செலவின் சராசரி 1,522 ரிங்கிட், திட்ட விலக்கம் 34 ரிங்கிட் அளவு.

இன்னொரு நன்மையும் உண்டு. தாண்டப் போகிறோமா என்பது முன்கூட்டியே தெரிகிறது. வெள்ளி இரவு கணக்குப் பார்க்கும்போது இதுவரை 210 போயிருக்கிறது என்று வையுங்கள். மீதி 70. கடந்துபோன ஐந்து நாள்களின் ஏற்ற இறக்கம் இப்போது முடிந்த கதை. மிச்சமிருப்பது சனிக்கிழமையின் 58, அதன் 11 மட்டும்தான். 70-ஐத் தாண்ட அன்றைக்குச் சராசரியைவிட 12-க்கு மேல் கூட வேண்டும், அது ஏழில் ஒரு தடவை நடக்கும். அதே வெள்ளி இரவு 225 போயிருந்தால் மீதி 55, சனிக்கிழமை தாண்டவே வாய்ப்பு அதிகம், ஐந்தில் மூன்று தடவை தாண்டும். அப்போது இரவிலேயே கூடுதல் ரைடருக்குச் சொல்லிவிடலாம்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. ‘ஒரு நாளைக்கு 60-க்கு மேல் எடுக்க மாட்டோம்’ என்று ஒரு வரி உள்ளே இருந்தால், பெயர்தான் வாரப் பேக்கேஜ், சனிக்கிழமையைப் பொறுத்தவரை அது நாள் பேக்கேஜ்தான். சனிக்கிழமைச் சராசரியே 58. அந்த வரம்பு 75-க்கு மேல் இருந்தால் கவலை குறைவு, இருபது சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் முட்டும்.

## நாள் பேக்கேஜ்

கோட்டாவைப் பிரித்த விதத்தில் அநியாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் சராசரிக்கு மேல் அந்த நாளின் விலக்கத்தில் ஏறக்குறைய பாதி இடம் விட்டிருக்கிறார்கள். ஆனாலும் எந்த ஒரு நாளிலும் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு 32. ஆறு நாளும் தாண்டாமல் ஒரு வாரம் ஓட வேண்டும் என்றால் 0.68-ஐ ஆறு தடவை பெருக்க வேண்டும், பத்தில் ஒரு வாரம்தான் தேறும். மற்ற ஒன்பது வாரங்களிலும் ஏதோ ஒரு நாள் மதியம் கூடுதல் ரைடருக்கு ஓட வேண்டியிருக்கும்.

தாண்டும் டெலிவரி சராசரியாக வாரத்துக்கு 8.6. வாரப் பேக்கேஜில் அது 1.2 தான். கோட்டா அதே 280, ஆர்டரும் அதே ஆர்டர், தாண்டுவது மட்டும் ஏழு மடங்கு. திங்கட்கிழமை மிஞ்சிய ஐந்து இடத்தைச் செவ்வாய்க்குத் தர இந்த ஒப்பந்தம் விடுவதில்லை. நாள்கள் ஒன்றையொன்று சமன் செய்வதால்தான் 42 என்பது 18 ஆனது. நாளுக்கு நாள் சுவர் எழுப்பியதும் திரும்பவும் 42-ஐத்தான் கட்டி அழ வேண்டியிருக்கிறது.

செலவின் சராசரி 1,456 + 69, அதாவது 1,525 ரிங்கிட். விலைப் பட்டியலில் தெரிந்த 56 ரிங்கிட் லாபம் காணாமல் போய்விட்டது. திட்ட விலக்கம் ஏறக்குறைய 60 ரிங்கிட்.

இது நல்லது என்று சொல்ல ஓர் இடம் உண்டு: ஆர்டரை முதல் நாளே மூடிவிடும் கடை. 41-ஐ எட்டியதும் ‘நாளைக்கு ஃபுல்’ என்று சொல்லிவிட முடியும் என்றால் தாண்டும் செலவே கிடையாது, மலிவு விலை அப்படியே கையில் நிற்கும். ஆனால் அதற்காக விட்ட ஆர்டர்களின் லாபத்தையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

## மூன்றும் ஒரே பார்வையில்

| | உருப்படி | வாரம் | நாள் |
|---|---|---|---|
| சராசரி வாரச் செலவு (ரிங்கிட்) | 1,560 | 1,522 | 1,525 |
| செலவின் திட்ட விலக்கம் (ரிங்கிட்) | 108 | 34 | 60 |
| கோட்டா தாண்டும் டெலிவரி, வாரத்துக்கு | இல்லை | 1.2 | 8.6 |
| தாண்டும் வாரங்கள், நூற்றுக்கு | இல்லை | 13 | 90 |
| தாண்டுவது தெரியவருவது | – | பெரும்பாலும் வெள்ளி இரவு | அன்று மதியம் |

## நாள்கள் ஒன்றையொன்று சாராதவையா

வாரப் பேக்கேஜின் நன்மை எல்லாம் 18 என்ற எண்ணை நம்பி நிற்கிறது. அந்த 18 நாள்கள் தனித்தனியாக நடப்பதை நம்பி நிற்கிறது. சம்பள வாரத்தில் எல்லா நாளும் சேர்ந்து ஏறினால், செப்டம்பர், அக்டோபர் மழையில் வெளியே சாப்பிடப் போகாமல் எல்லா நாளும் ஆர்டர் கூடினால், சமன் செய்ய எதிர்ப்பக்கம் ஆள் இருக்காது. ஒரு தொழிற்சாலை வாரம் முழுவதற்கும் ஒரே எண்ணிக்கையில் ஆர்டர் கொடுத்து, அடுத்த வாரம் ஒட்டுமொத்தமாக நிறுத்தினாலும் அதே கதைதான்.

எந்த இரண்டு நாளுக்கும் இடையே 0.25 அளவுக்கு ஒட்டுறவு, அதாவது சேர்ந்தே ஏறி இறங்கும் போக்கு, இருப்பதாக வைத்துப் பார்த்தேன். வார மொத்தத்தின் வேரியன்ஸ் 324-லிருந்து 684-க்கு ஏறுகிறது, திட்ட விலக்கம் 26 ஆகிறது. சராசரி 260 அசையவில்லை. வாரப் பேக்கேஜில் தாண்டும் டெலிவரி 1.2-லிருந்து 3.3 ஆகி, சராசரிச் செலவு 1,539 ரிங்கிட்டுக்குப் போகிறது. நாள் பேக்கேஜின் சராசரிச் செலவோ அதே 1,525-இல் நிற்கிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. கூட்டுச் சராசரிக்கு நாள்களின் ஒட்டுறவு ஒரு பொருட்டே அல்ல. பண அளவில் இப்போது நாள் பேக்கேஜ் முந்திவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பத்தி போதும். ஒவ்வொரு வாரத்தின் மொத்தத்தையும் H பத்தியில் போட்டு அதற்கு நேரடியாகத் திட்ட விலக்கம் எடுங்கள்:

```
H15:  =STDEV.S(H2:H13)
```

நாள் கணக்கிலிருந்து வந்த 18-க்குப் பக்கத்தில் இதை வையுங்கள். பன்னிரண்டு வாரம் என்பது சின்னச் சாம்பிள்தான், ஆகவே 14 வந்தாலும் 22 வந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். 26-க்கு மேல் வந்தால் நாள்கள் சேர்ந்தே நகர்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். பொது விடுமுறை வந்த வாரங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பினாங்கில் தைப்பூச வாரம் ஒன்று நுழைந்துவிட்டால் போதும், அது மட்டுமே எண்ணை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

அக்காவின் கணக்கில் நேரடி எண் 18-க்கு அருகிலேயே வந்தது. அதனால் நான் வாரப் பேக்கேஜ் பக்கம்தான் நின்றேன். மூன்று ரிங்கிட் வித்தியாசத்துக்காக அல்ல, பத்தில் ஒன்பது வாரம் மதியத்தில் ரைடர் தேடி ஓட வேண்டாம் என்பதற்காக.

## 280 என்ற எண்ணையும் பேசுங்கள்

கோட்டாவின் அளவை நிறுவனம் சொல்லிவிட்டது என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே ஒரு டெலிவரிக்கு 5.40 ரிங்கிட் விலையில் 260 மட்டும் கேட்டால் பேக்கேஜ் 1,404 ரிங்கிட். தாண்டும் டெலிவரி சராசரியாக 7.2 ஆகும், அதற்கு 57 ரிங்கிட். மொத்தம் 1,461, அதாவது வாரத்துக்கு 61 ரிங்கிட் குறைவு. செலவின் திட்ட விலக்கம் மட்டும் 34-லிருந்து 84-க்கு ஏறுகிறது.

வேறு விதமாகப் பார்த்தால், கடைசி 20 இடங்களுக்கு 108 ரிங்கிட் கட்டி, தாண்டும் டெலிவரியில் ஆறை மட்டும் குறைக்கிறோம். தாண்டிய ஒரு டெலிவரியின் உண்மையான விலை 18 ரிங்கிட்டுக்கு மேல் என்றால்தான் அந்த 20 இடம் தகும். நிறுவனம் தாண்டியதையும் 8 ரிங்கிட்டுக்குத் தவறாமல் கொண்டு சேர்க்கும் என்றால் தகாது. தாண்டினால் ரைடர் கிடைக்க மாட்டார், சாப்பாடு இரண்டு மணிக்குப் போய், மாதம் முழுவதும் வாங்கும் ஓர் அலுவலகம் கைவிட்டுப் போகும் என்றால் 18 ரிங்கிட் ஒரு காசே இல்லை, 280-ஐயே எடுக்கலாம். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பு 260-க்கு ஒரு விலை கேளுங்கள். கூடவே, கோட்டா தாண்டிய டெலிவரியை எத்தனை மணிக்குள் எடுக்க ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.